கடையில் இ-சிம் போடுகிறவர்கள் கவனிக்க: க்யூஆர் யார் மெயிலுக்குப் போகிறது?

மன்னார்குடி, திருவாரூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், வளைகுடா என்று வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இது. கடையின் பெயரை எழுதவில்லை. இது ஒரு கடையின் பழக்கம் மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

அத்தான் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். பொங்கல் லீவில் வந்தவர், கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கடையில் பழைய போனைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் புதுசு வாங்கினார். அதில் சாதாரண சிம்முக்கு ஓர் இடம்தான், இன்னொன்று இ-சிம், அதாவது அட்டையே இல்லாமல் போனுக்குள் இறங்கும் சிம். "சிங்கப்பூர் சிம்மை உள்ளே போட்டுக்கங்க சார், ஊர் நம்பரை இ-சிம்மா மாத்தித் தர்றேன், தொலையவே தொலையாது" என்றார் கடைப்பையன். ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள். அதைப் போனிலிருந்து நாமே எஸ்எம்எஸ் அனுப்பி மாற்றிக்கொண்டால் காசே கிடையாது.

அக்காவும் கூட இருந்தாள். பையன் போனைத் தன் கையில் வாங்கி eSIM என்று அடித்து, ஒரு மெயில் முகவரி சேர்த்து, சிம் நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்பினார். உறுதிப்படுத்தச் சொல்லி வந்த எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், ஒப்புதல் கேட்டு வந்த அழைப்பு, எல்லாவற்றுக்கும் அவரே பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் க்யூஆர் கோடு வந்தது. புதுப்போனில் ஸ்கேன் செய்தார், டவர் வந்தது. பழைய சிம் அட்டை குப்பைத்தொட்டிக்குப் போனது. பழைய போனையும் அங்கேயே அழித்துவிட்டார்கள். அதில்தான் பேங்க் ஆப்பும் யூபிஐயும் இருந்தன.

சிம் மாற்றினால், அது அட்டையிலிருந்து அட்டைக்கானாலும் இ-சிம்முக்கானாலும், 24 மணி நேரம் அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறையின் விதி இது. யாராவது நம் எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்றினால் உடனே ஓடிபி வாங்கிப் பணத்தை எடுக்கக்கூடாது என்பதற்காகப் போட்டது, நல்ல விதிதான். ஆனால் இன்றைக்கு போன் மாற்றி நாளைக்கு விமானம் ஏறுகிறவருக்கு அது என்ன ஆகும்? பேங்க் ஆப்பைப் புதுப்போனில் பதிவு செய்ய, அந்த சிம்மிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். போகவில்லை. பேசவும் முடிந்தது, நெட்டும் வந்தது, அதனால் பேங்க் சர்வர் கோளாறு என்றே நினைத்துக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறிவிட்டார். கடையில் இந்த 24 மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழைய போனையாவது கையில் வைத்திருப்பார்.

அங்கே போய் ரோமிங் போட்டு, எஸ்எம்எஸ்ஸுக்குத் தனியாகக் காசு கட்டி ஒருவழியாக ஆப்பை எழுப்பினார். சரி, முடிந்தது என்று இருந்தோம். அப்புறம் சைட்டில் உயரத்திலிருந்து போன் விழுந்துவிட்டது. திரை மட்டும் இல்லை, போர்டே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

சிங்கப்பூர் சிம்மை உருவி வேறு போனில் போட்டார், ஓடியது. ஊர் நம்பரை அப்படி உருவ முடியாது. இ-சிம் என்பது போனுக்குள் ஒட்டிய சிப்பில் இறங்கியிருக்கும் விவரம். போன் எழுந்தால்தான் அதை வேறு போனுக்கு மாற்றலாம். பழைய க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்தாலும் பயனில்லை, பொதுவாக அது ஒரு தடவைக்குத்தான். புதிய க்யூஆர் வேண்டும். அதைக் கேட்க அதே எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், இல்லாவிட்டால் அதே எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். எண்ணோ செத்த போனுக்குள் இருக்கிறது.

கஸ்டமர் கேரில் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் மெயில் அத்தானுடையது இல்லை, கடையுடையது.

நான் நேரில் போனேன். கேட்டதும் முதலாளி கொஞ்சமும் யோசிக்காமல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரே இன்பாக்ஸில் வரிசையாக க்யூஆர் மெயில்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருடைய எண். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம் தம்பி. வர்றவங்களுக்கு மெயிலும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது" என்றார். வயல் வேலை முடித்து வருகிறவருக்கு மெயில் தெரியாமல் இருக்கலாம். அதற்காக அவருடைய எண்ணின் சாவியைக் கடை தன் பையில் வைத்துக்கொள்ளலாமா? அந்தக் கம்ப்யூட்டரில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. அத்தானுக்குப் போட்டுக்கொடுத்த பையன் வேலையை விட்டே போய்விட்டாராம்.

மெயிலை மாற்றவும் அந்த எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். கடைசியில் அத்தானே அசல் ஆதாரோடு நிறுவனத்தின் கடைக்கு நேரில் வந்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை பேங்க் ஓடிபி எதுவும் வராது. அக்கா ஏடிஎம் அட்டையை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ரீசார்ஜை மட்டும் விடாமல் போட்டுவருகிறோம், தொடர்ந்து பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம் என்பதால்.

இதனால் இ-சிம்மே கூடாது என்று சொல்ல வரவில்லை. போன் திருடு போனால் அதுதான் நல்லது. அட்டை என்றால் திருடியவன் உருவி வேறு போனில் போட்டு நம் ஓடிபியை வாங்கிவிடலாம், இ-சிம்மை அப்படி எடுக்க முடியாது. அட்டை வைத்திருப்பவர்கள் போன் செட்டிங்கில் சிம் பின் பூட்டைப் போட்டுவைத்தால் அந்த வழியும் அடைபடும். என் அபிப்பிராயம், வெளிநாட்டில் இருப்பவர் பேங்கோடு சேர்ந்த ஊர் எண்ணை அட்டையிலேயே வைத்துக்கொண்டு, அந்த நாட்டு எண்ணை இ-சிம்மாக வாங்கலாம். அங்கே எண் போனால் அந்த ஊர்க் கடைக்கு நடந்து போய்விடலாம். இங்கே எண் போனால் விமானம் ஏறித்தான் வர வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் உங்கள் கையாலேயே செய்யுங்கள். நிறுவனத்தைப் பொறுத்து 121-க்கோ 199-க்கோ எஸ்எம்எஸ் போகும். சில நிறுவனம் மெயிலுக்குப் பதில் EID கேட்கும். புதுப்போனில் *#06# அடித்தால் வரும் 32 இலக்க எண் அது. வைஃபை இருக்கிற இடத்தில் உட்காருங்கள், பழைய சிம் நின்றபிறகு க்யூஆரை இறக்க நெட் வேண்டும். பயணத்துக்குப் பல நாள் முன்பே முடித்து, 24 மணி நேரம் கழிந்து பேங்க் ஆப் ஒவ்வொன்றும் புதுப்போனில் வேலை செய்வதைப் பார்த்தபிறகு பழைய போனைக் கொடுங்கள்.

கேட்காமலே கஸ்டமர் கேர் என்று யாராவது அழைத்து, வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு 1 என்று பதில் போடச் சொன்னால் போடாதீர்கள். அது உங்கள் எண்ணை அவன் போனுக்கு இ-சிம்மாக மாற்றும் ஒப்புதலாக இருக்கலாம். திடீரென்று டவர் போய் வராமலே இருந்தால் வேறு போனிலிருந்து நிறுவனத்தையும் பேங்கையும் அழையுங்கள், பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும்.

ஏற்கெனவே கடையில் இ-சிம் போட்டுக்கொண்டவர்கள், எண் உயிரோடு இருக்கும்போதே நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து உங்கள் விவரத்தில் எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால், ஓடிபி வரும் நிலையில் இருக்கும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.