ஸ்டாம்ப் கார்டா, பாயிண்டா? ஒரு சலூன் கணக்கு

ஆறு கட்டிங்குக்கு ஆறு முத்திரை, ஏழாவது இலவசம். ஸ்டாம்ப் கார்டின் கவர்ச்சியே இந்த எளிமைதான். ஆனால் அது லாபமா என்று பார்க்க, ஒரு கட்டிங்கின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். முடி வெட்டுபவரின் பங்கு, பிளேடு, கிரீம் எல்லாம் சேர்த்து 40 போகிறது, கடைக்கு நிற்பது 60.

கார்டு இல்லாமலே ஏழு முறையும் வந்திருக்கக்கூடியவர் கடைக்கு 420 தந்திருப்பார். கார்டு கொடுத்தால் ஆறு முறைக்கு 360, அதில் இலவசக் கட்டிங்கின் செலவு 40 போக 320. நூறு நஷ்டம். ஏழில் ஆறு முறை வருபவரிடமும் 40 போகிறது. கார்டு இல்லாவிட்டால் ஐந்து முறைதான் வந்திருப்பார் என்பவரிடம்தான் 20 மிஞ்சும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், கார்டுக்காக யாரும் அடிக்கடி வெட்டிக்கொள்ளப் போவதில்லை. அதனால் வேறு கடைக்கும் போய்வருபவரை நம் பக்கம் இழுத்தால் மட்டுமே இதில் லாபம்.

பாயிண்ட் முறையில் 100-க்கு 5 பாயிண்ட் என்றால் ஏழு வருகைக்கு அதிகபட்சம் 35-தான் போகும், ஒரே ஒரு கூடுதல் வருகை அதை ஈடுகட்டிவிடும். கலரிங், ஃபேஷியல் என்று பில் தொகை பெரிதும் சிறிதுமாக வரும் கடைக்கு இதுதான் நியாயம். ஸ்டாம்ப் கார்டில் பெரிய பில்லுக்கும் ஒரே முத்திரைதானே! ஆனால் வெறும் கட்டிங் கடையில் 35 பாயிண்டை யார் நினைவில் வைத்திருப்பார்? பதிவு வேலை வேறு.

கட்டிங் கடைக்கு என் தேர்வு ஸ்டாம்ப் கார்டுதான், ஆனால் பரிசை மாற்ற வேண்டும். ஏழாவது கட்டிங்குக்கும் காசு வாங்கிக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் ஹெட் மசாஜ் இலவசம். அதற்கு 15 செலவானால், நான்கு கார்டுக்கு ஒரு கூடுதல் வருகை போதும். அந்த 15-இல் மசாஜ் செய்பவரின் பங்கும் அடங்க வேண்டும், இல்லையென்றால் அவரே கார்டைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

முதல் நாளே இரண்டு முத்திரை குத்திக் கொடுப்பதும் பலன் தரும். 2006-இல் வெளியான கார் கழுவும் கடை ஆய்வு ஒன்றில், எட்டு கட்டக் கார்டை 19 சதவீதம் பேர்தான் நிரப்பினார்கள். பத்துக் கட்டத்தில் இரண்டை முன்பே நிரப்பிக் கொடுத்தபோது 34 சதவீதம். இரண்டிலும் தேவைப்பட்டது எட்டு வருகைதான்.

சரி, பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? கார்டு வைத்திருப்பவர் அதிகம் வருகிறார் என்று மகிழ வேண்டாம், அடிக்கடி வருபவர்தான் கார்டே வாங்குவார். போன் எண் ஒற்றைப்படையில் முடிபவர்களுக்கு மட்டும் கார்டு கொடுத்து, இரு தரப்பும் எத்தனை நாள் இடைவெளியில் வருகிறார்கள் என்று ஆறு மாதம் நோட்டில் குறியுங்கள். இடைவெளி ஒன்றாகவே இருந்தால் கார்டை நிறுத்திவிடலாம். ஏற்கெனவே கொடுத்த கார்டுகளுக்கு மட்டும் பரிசைக் கொடுத்து முடியுங்கள்.