பழைய ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் வாங்குகிறீர்களா? லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி எங்களுக்கு 3,600 பின் போனது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன டர்னிங் ஷாப் நடத்துகிறோம். பித்தளை டெர்மினல் பின்கள்தான் முக்கிய வேலை. போன வருடம் ஒரு பழைய மெஷின் வியாபாரியிடம் 300 மி.மீ. திரை கொண்ட ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் ஒன்றை வாங்கினோம். பொருளின் நிழலைப் பெரிதாக்கித் திரையில் காட்டி அளக்க உதவும் மெஷின் அது. 10 எக்ஸ், 20 எக்ஸ் என்று இரண்டு லென்ஸ், கூடவே கேலிபரேஷன் சர்டிபிகேட். பழைய மெஷின் வாங்கியது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. அதை அவர் எங்களுக்குச் சோதித்துக் காட்டிய விதத்தில்தான் ஏமாந்தோம். அதே மாதிரி இன்னொருவருக்கும் காட்டுவார் என்பதால் எழுதுகிறேன்.

அன்று அவர் 5 மி.மீ. பின் கேஜ் ஒன்றை, பொருள் வைக்கும் மேடையான ஸ்டேஜில் வைத்தார். திரையில் உள்ள குறுக்குக்கோட்டை நிழலின் ஒரு ஓரத்தில் பொருத்தி, ஸ்டேஜ் நகரும் தூரத்தை எண்ணில் காட்டும் டி.ஆர்.ஓ.வைப் பூஜ்யமாக்கி, ஸ்டேஜை நகர்த்தி அடுத்த ஓரத்துக்கு வந்தார். 5.001 காட்டியது. "பாருங்க சார், ஒரு மைக்ரான்தான் வித்தியாசம்" என்றார். நாங்களும் திருப்தியோடு பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

அந்தச் சோதனையில் அளக்கப்பட்டது ஸ்டேஜ் நகர்ந்த தூரம் மட்டும்தான். லென்ஸ் நிழலை 20 மடங்கு பெரிதாக்கினாலும், 25 மடங்கு பெரிதாக்கினாலும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஸ்டேஜ் அதே 5 மி.மீ.தான் நகர வேண்டும். உருப்பெருக்கம் சரியா என்பதை அது சொல்லவே சொல்லாது. அவர் கொடுத்த சர்டிபிகேட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் அதிலும் எக்ஸ், ஒய் நகர்வுக்கான அட்டவணைதான் இருக்கிறது. உருப்பெருக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கே அதை முழுசாகப் படித்திருக்க வேண்டும்.

நாங்கள் டி.ஆர்.ஓ. வைத்து அளப்பதில்லை. ஆயிரக்கணக்கில் பின் வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஜை உருட்டிக்கொண்டிருக்க முடியாது. 20 மடங்கில் வரைந்த ஓவர்லே சார்ட்டைத் திரையில் மாட்டி, நிழல் அதன் இரண்டு கோடுகளுக்குள் விழுகிறதா என்று பார்ப்போம். அந்த முறையில் உருப்பெருக்கத்தில் உள்ள பிழை அப்படியே அளவில் வந்து உட்காரும்.

எங்கள் பின்னில் தோளிலிருந்து கூம்பு தொடங்கும் இடம் வரை 8.00 மி.மீ., டாலரன்ஸ் கூட்டல் கழித்தல் 0.05. அங்கே மைக்ரோமீட்டர் வைக்க இடமில்லை, அதனால்தான் ப்ரொஜெக்டர். திரையில் இது 160 மி.மீ. வர வேண்டும். சார்ட்டில் 159, 161 என்று இரண்டு எல்லைக் கோடுகள். முதல் பின்னை வைத்தபோது நிழல் 161-ஐத் தாண்டி நின்றது. செட்டர் லேத்தில் டூல் ஆஃப்செட்டை மாற்றி, நிழலைச் சரியாக 160-க்குக் கொண்டுவந்தார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, சார்ட் சொன்னபடி செய்தார். அப்படியே 3,600 பின் ஓடியது.

பத்து நாளில் வாடிக்கையாளரிடமிருந்து போன். "உங்க பின் எல்லாம் 7.92 வருது, மொத்தமும் ரிஜெக்ட்." அவர்கள் விஷன் மெஷினில் பார்த்திருக்கிறார்கள். குறைந்தபட்ச எல்லையே 7.95.

முதலில் டூல் தேய்மானத்தைத்தான் சந்தேகப்பட்டோம். ஆனால் தேய்மானம் என்றால் அளவு கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்கும். இங்கே முதல் பின்னும் கடைசிப் பின்னும் ஒரே அளவில் குறைந்திருந்தன. அப்புறம்தான் பக்கத்து ஷாப்பில் 0.1 மி.மீ. பிரிவுகள் கொண்ட 50 மி.மீ. கிளாஸ் ஸ்கேல் ஒன்றை இரவல் வாங்கினோம்.

அதைச் செய்த முறையைச் சொல்லிவிடுகிறேன், அவசரப்பட்டால் இதிலேயே பிழை வரும். ஸ்கேலையும் ஸ்டேஜ் கண்ணாடியையும் துடைத்து, கோடு பொறித்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வைத்து, கீழிருந்து வரும் ஒளியில் கோடுகள் கூர்மையாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய்தோம். ஸ்கேல் சாய்ந்திருக்காமல், திரையின் குறுக்குக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். திரையில் அளப்பதற்கு இன்னொரு கண்ணாடி அளவுகோல் வேண்டும், அதன் கோடுள்ள பக்கம் திரையைத் தொட வேண்டும். ஸ்டீல் ரூல் வேண்டாம். அதன் தடிமனால் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப அளவு மாறும்.

இன்னொன்று, கோட்டின் இடது ஓரத்திலிருந்து அடுத்த கோட்டின் இடது ஓரம் வரை அளக்க வேண்டும். ஸ்கேலில் உள்ள கோட்டுக்கும் தடிமன் உண்டு. 0.01 மி.மீ. கோடு 20 எக்ஸில் 0.2 மி.மீ. பட்டையாகத் தெரியும். ஒரு கோட்டின் வெளி ஓரத்திலிருந்து மற்றதன் வெளி ஓரம் வரை எடுத்தால் அந்த 0.2-உம் கணக்கில் சேர்ந்துவிடும். நல்ல ப்ரொஜெக்டரில் எதிர்பார்க்கும் பிழை நிழல் ஒளியில் 0.1 சதவீதம், அதாவது 200 மி.மீ.க்கு 0.2 மி.மீ.தான். மெஷின் சரியாக இருந்தும் தவறு என்று சொல்லிவிடுவோம்.

ஸ்கேலின் 10 மி.மீ. திரையில் 200 வர வேண்டும். 202 வந்தது. திரையைத் திருப்பி, ஸ்கேலையும் திருப்பி நெடுக்கில் அளந்தோம், அப்போதும் 202. ஒரு சதவீதம் கூடுதல், உண்மையான உருப்பெருக்கம் 20.2. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: திரையில் 160 காட்டிய பின்னின் நிஜ அளவு 160-ஐ 20.2-ஆல் வகுத்தால் 7.92. வாடிக்கையாளர் சொன்ன அதே எண். முதலில் எல்லை தாண்டி நின்ற பின்தான் சரியான பின். அதைத்தான் நாங்கள் "திருத்தினோம்".

பிறகு 10 எக்ஸ் லென்ஸை மாட்டி 20 மி.மீ.யை அளந்தோம். 200.1 வந்தது, பிழையில்லை. இந்த இரண்டாவது அளவைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உள்ளே கண்ணாடியோ திரையோ இடம் மாறியிருந்தால் லென்ஸிலிருந்து திரை வரையுள்ள தூரம் மாறி, இரண்டு லென்ஸிலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் பிழை வந்திருக்கும். ஒன்றில் மட்டும் வந்ததால் கோளாறு அந்த லென்ஸில். கழற்றிப் பார்த்தபோது அதன் உலோக உறையின் வேலைப்பாடே 10 எக்ஸ் லென்ஸோடு ஒத்துப்போகவில்லை. வேறு மாடலின் லென்ஸ். அந்த மாடலின் திரை தூரத்துக்கு அது 20, எங்கள் மெஷினில் 20.2.

வியாபாரிக்குப் போன் செய்தேன். "லென்ஸ்லயே 20 எக்ஸ்னு எழுதியிருக்கே சார், சர்டிபிகேட்டும் கொடுத்தேனே" என்றார். பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்ததால் மாற்றியதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார். வாங்கும்போது அதை எங்களிடம் சொல்லவில்லை.

சார்ட்டையே 20.2 மடங்கில் வரைந்துகொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்குப்படி முடியும். ஆனால் நாளைக்குச் சரியான லென்ஸ் வந்த பிறகும் அந்த சார்ட் ஷாப்பில் எங்காவது கிடக்கும், யாராவது எடுத்து மாட்டுவார்கள். அதனால் 20 எக்ஸ் சார்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, இப்போதைக்கு டி.ஆர்.ஓ. வைத்தே அளக்கிறோம். மெதுவான வேலைதான்.

வியாபாரி லென்ஸுக்குப் பணமும் தரவில்லை, மாற்றும் தரவில்லை. மெஷின் பார்க்கப் போகிறவர்கள் பின் கேஜ் வைத்துக் காட்டினால் பார்த்துவிட்டு, ஒவ்வொரு லென்ஸையும் மாட்டச் சொல்லி உங்கள் கிளாஸ் ஸ்கேலைத் திரையில் அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.