ஒரே பிசி 547: சுவிட்சாகவும் பெருக்கியாகவும்

பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு ரிலேவை இயக்கவும் செய்யலாம், மைக்கிலிருந்து வரும் நலிந்த சிக்னலைப் பெருக்கவும் செய்யலாம். பேஸுக்கு எவ்வளவு மின்னோட்டத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் இவ்விரு பணிகளும் பிரிகின்றன.

சுவிட்ச் எளிது. 12 வோல்ட் ரிலேயின் சுருள் 400 ஓம் என்றால், அதற்கு 30 மில்லியாம்பியர் வேண்டும். இந்த வகை டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் 110 முதல் 800 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணை நம்பாமல், கலெக்டர் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 3 மில்லியாம்பியரை, பேஸுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். 5 வோல்ட்டிலிருந்து 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக அது கிடைத்துவிடும். டிரான்சிஸ்டர் முழுத் தெவிட்டு நிலைக்குப் போய், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 0.2 வோல்ட் அளவே மிஞ்சுவதால், அது சூடாவதே இல்லை. (சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடைத் தலைகீழாக இணைக்க மறக்கலாகாது.)

பெருக்கியில் இந்தத் தாராளம் செல்லாது. சிக்னல் மேலும் கீழும் அசைய வேண்டுமானால், அது வருவதற்கு முன்பே கலெக்டர் மின்னழுத்தம் நடுப்பகுதியில் நின்றிருக்க வேண்டும். அப்படி நிறுத்துவதே பயஸ். பேஸுக்கு எந்த பயஸும் இல்லாவிட்டால், சில மில்லிவோல்ட் சிக்னலால் டிரான்சிஸ்டர் கடத்தத் தேவையான 0.6 வோல்ட்டை எட்டவே முடியாது.

12 வோல்ட் வழங்கலில், கலெக்டருக்கு 4.7 கிலோ ஓம் வைத்து, பேஸை 2.2 மெகா ஓம் வழியாக நேரே வழங்கலோடு இணைத்தால், பேஸுக்கு 5 மைக்ரோ ஆம்பியர் செல்லும். பெருக்கம் 200 உள்ள டிரான்சிஸ்டரில் கலெக்டர் 7 வோல்ட்டில் நிற்கும். அதை எடுத்துவிட்டு 500 உள்ள இன்னொன்றைச் செருகினால், கலெக்டர் தரையை ஒட்டி விழுந்து, பெருக்கி என்று கட்டியது மூடிய சுவிட்சாகிவிடும். ஒரே பெயரில், ஒரே பெட்டியில் வரும் டிரான்சிஸ்டர்களுக்குள்ளும் பெருக்கம் வேறுபடுவதால், இந்த ஒற்றை மின்தடை முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக 56 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகளால் பேஸ் மின்னழுத்தத்தைப் பகிர்ந்து, எமிட்டரில் 1 கிலோ ஓம் சேர்த்தால், பேஸ் ஏறத்தாழ 1.8 வோல்ட்டிலும் கலெக்டர் 7 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழேயும் நிற்கும். மின்னோட்டம் கூட முயன்றால் எமிட்டர் மின்னழுத்தம் உயர்ந்து, பேஸ்-எமிட்டர் இடைவெளி குறைந்து, அந்த ஏற்றம் தானாகவே அடங்கும். வெப்பத்தால் வரும் நகர்வும் இதே வழியில் மட்டுப்படும். இதற்கு விலையாக, எமிட்டர் மின்தடையை மின்தேக்கியால் கடக்கவிடாத வரை, மின்னழுத்தப் பெருக்கம் ஐந்துக்கும் குறைவாகவே இருக்கும்.

சுற்று எந்த நிலையில் உள்ளது என்பதை, சிக்னல் இல்லாதபோது மல்டிமீட்டரால் கலெக்டரைத் தொட்டே அறியலாம். 12 வோல்ட் காட்டினால் டிரான்சிஸ்டர் அணைந்துள்ளது. எமிட்டரைவிட 0.2 வோல்ட்டே கூடுதலாக இருந்தால் தெவிட்டியுள்ளது. ரிலே சுற்றுக்கு அதுவே வேண்டியது, ஒலிப் பெருக்கியிலோ அலையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும்.