முழு நோட்டீஸா, பணம் கட்டி முன்கூட்டியே விலகலா: இரண்டு ராஜினாமா கடிதங்கள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பொறியாளருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நியமன ஆணைப்படி நோட்டீஸ் காலம் 60 நாள். மார்ச் 2 அன்று கடிதம் கொடுத்து, அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஏப்ரல் 30 வரை வேலை பார்க்க வேண்டும். புதிய நிறுவனமோ ஏப்ரல் 15 அன்று வரச் சொல்கிறது.

முதல் வழி, புதிய நிறுவனத்திடம் தேதியைத் தள்ளிக் கேட்டுவிட்டு முழு நோட்டீஸையும் முடிப்பது. அப்போது கடிதம் சுருக்கமாக இருக்கலாம்: "வெளிநாட்டில் பணியேற்க இருப்பதால் விலகுகிறேன். 60 நாள் நோட்டீஸ் முடிந்து, ஏப்ரல் 30 என் கடைசி வேலை நாளாக இருக்கும்." பணப்பிடித்தம் இல்லை; தகராறுக்கும் பெரிதாக இடமில்லை.

இரண்டாவது வழி, ஏப்ரல் 10 அன்றே விலகி, குறையும் 20 நாளுக்குப் பணம் கட்டுவது. அடிப்படைச் சம்பளம் 36,000 ரூபாய் என்றால் நாளுக்கு 1,200 வீதம் 24,000 ஆகும். மொத்தச் சம்பளம் 60,000 என்று வைத்து அதன்மேல் கணக்கிட்டால் 40,000. எது பொருந்தும் என்பது நியமன ஆணையில் இருக்கும். கடிதம் எழுதுவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும். பணம் கட்டி விலகுவதற்கே நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும் என்று சில ஆணைகளில் இருக்கும். அதனால் கடிதத்தில் அறிவிப்பாக எழுதாமல் கோரிக்கையாக எழுதுவதே சரி: "ஏப்ரல் 10 அன்று விடுவிக்குமாறு வேண்டுகிறேன். குறையும் 20 நாளை என் ஈட்டிய விடுப்பில் சரிசெய்யவோ, கணக்குத் தீர்ப்பில் கழிக்கவோ சம்மதிக்கிறேன்." "இயன்றவரை விரைவில் விடுவிக்கவும்" என்று தேதியில்லாமல் எழுதுபவர்கள்தான் டிக்கெட் எடுத்த பிறகு தவிக்கிறார்கள்.

இந்த வழியில் சம்மதம் கிடைப்பது பெரும்பாலும் பணி ஒப்படைப்பைப் பொறுத்தது. "பொறுப்புகளை முறையாக ஒப்படைப்பேன்" என்ற ஒற்றை வரி மேலாளருக்கு எதையும் சொல்வதில்லை. கடிதத்தோடு ஒரு தாளை இணைத்து, மார்ச் 20-க்குள் பம்புகளின் பராமரிப்புப் பதிவேடு, மார்ச் 31-க்குள் வரவேண்டிய உதிரிபாகங்களும் ஒப்பந்தக்காரர்களின் தீராத பில்களும், ஏப்ரல் 8-க்குள் வருடாந்திர ஷட்டவுன் வேலைப் பட்டியல் என்று தேதியோடு எழுதலாம். பதிவேட்டில் ஏறாத விஷயங்களையும் அதில் சேர்க்க வேண்டும். எந்தப் பம்பின் பேரிங் அடிக்கடி சூடேறுகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். ஆலைக்குள் ஆபத்தான வேலைகளைத் தொடங்கத் தரும் அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களிடம் இருந்தால், அது எந்தத் தேதியில் யாருக்கு மாறுகிறது என்பது கட்டாயம் வேண்டும். நீங்கள் போன பிறகும் கையெழுத்திடுவோர் பட்டியலில் உங்கள் பெயரே நின்றால், அங்கே வேலை செய்பவர்களுக்கு அது ஆபத்து.

புதிய நிறுவனம் இரண்டு வாரம் பொறுக்கும் என்றால் நான் முதல் வழியையே சொல்வேன். பொறுக்காவிட்டால் இரண்டாவது, ஆனால் அந்த இணைப்புத் தாளோடு. எந்த வழியானாலும் விசா கைக்கு வந்த பிறகே கடிதம் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள், நோட்டீஸ் நாள் எண்ணிக்கை அதிலிருந்துதான் தொடங்கும்.