களஞ்சியக் குறைவு: விளக்கம் கோரும் கடிதத்தை எப்படி எழுதுவது?

கிளிநொச்சிப் பக்கம் நெல் அறுவடை முடிந்து இருப்பு எடுக்கும்போது மூடை குறைந்தால், களஞ்சியப் பொறுப்பாளருக்கு உடனே கடிதம் போகும். சுருக்கமாகக் கண்டித்து எழுதுவதா, விபரமாக எழுதுவதா?

குற்றச்சாட்டு
சுருக்கம்: "நீர் தொடர்ந்து பொறுப்பின்றி நடந்து, நெல்லைக் களவாடியுள்ளீர்."
விபரம்: "மார்ச் 12 காலை இருப்பெடுத்தபோது பதிவேட்டில் 424 மூடை, களஞ்சியத்தில் 412. குறைந்த 12 மூடைக்கு வெளியேற்றச் சீட்டு இல்லை. சாவி உங்கள் பொறுப்பில் இருந்தது."

என் பார்வையில் முக்கியமான வேறுபாடு "களவாடியுள்ளீர்" என்பதுதான். விசாரிக்க முன்னரே தீர்ப்பு எழுதியாயிற்று. பிறகு பணிநீக்கம் தொழில் நியாய சபைக்குப் போனால், முடிவை முன்பே எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல அந்தச் சொல்லே இடம் கொடுக்கும். களவே நடக்காமல், பூச்சி பிடித்த மூடைகளைப் பதியாமல் ஒதுக்கியிருக்கவும் கூடும்.

பதில்
சுருக்கம்: "நான் அப்படியில்லை" என்பதற்கு மேல் அவரால் எழுத முடியாது.
விபரம்: 12 மூடைக்கும் கணக்குச் சொல்லலாம். பதிவேட்டைப் பார்க்க அனுமதியும், பதிலுக்குக் கடைசித் திகதியும் கடிதத்திலேயே இருக்கட்டும்.

எழுதும் சிரமம்
சுருக்கம் பத்து நிமிடம். விபரத்துக்குச் சீட்டுகளைத் தேடவேண்டும்.

தண்டிக்கும் எண்ணமில்லாமல், பிந்தி வருவதைத் திருத்தச் சொல்வதற்குச் சுருக்கமான அறிவுறுத்தல் போதும், அதிலும் திகதி வேண்டும். வேலையே போகக்கூடிய விடயமென்றால் விபரக் கடிதம்தான்.