ஒரே கவரில் போட்டுக் கொடுத்த இரண்டு மாத்திரைகள்

எனக்கு வயது 56. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். வாங்குவது வழக்கமான ஒரு மெடிக்கலில்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டம் குறையும் வரை நின்று, ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை கேட்டேன். சீட்டு கேட்கவில்லை. "ஸ்டென்ட் வச்சிருக்கேன் தம்பி, போடலாமா?" என்றேன். "இது நரம்புக்குண்ணே, ஹார்ட்டுக்கு ஒண்ணும் செய்யாது" என்று அட்டையிலிருந்து இரண்டை வெட்டி, நான் வாங்கிய சார்பிட்ரேட்டுடன் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தான். பில் இல்லை. வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் தெரிந்தது.

இரவு பத்து மணிக்கு ஒன்று போட்டேன். ஞாயிறு ஒரு தொந்தரவும் இல்லை. திங்கள் காலை ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கையில் நெஞ்சு பிசைந்தது. வழக்கம்போல் சார்பிட்ரேட் வைத்தேன். சில நிமிடத்தில் கண் இருட்டி, படியோரம் சரிந்துவிட்டேன். மச்சான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனபோது பிரஷர் 70/40.

நர்ஸ் "வேற மாத்திரை எதுவும் போட்டீங்களா?" என்று கேட்டபோது பக்கத்தில் மனைவி. இல்லை என்று சொல்லிவிட்டேன். காலை உயர்த்திப் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றியதில் பிரஷர் ஏறியது, ஆனால் வலி போகவில்லை. அதற்கு நைட்ரோகிளிசரின் டிரிப் போடலாம் என்று பேச்சு வந்தது. டூட்டியில் இருந்த பெண் டாக்டர்தான் மனைவியைச் சீட்டு போட அனுப்பிவிட்டு, "ரெண்டு நாளுக்குள்ள அந்த மாத்திரை போட்டீங்களா? வெட்கப்படாம சொல்லுங்கய்யா" என்றார். சொன்னேன். டிரிப் போடும் பேச்சு நின்றது.

கவரில் மிச்சமிருந்த மாத்திரையைப் பார்த்தார்: டடலாஃபில் 20 மில்லிகிராம். சார்பிட்ரேட் ரத்தக்குழாயை விரியவைக்கும் ஒரு பொருளை உடம்பில் பெருக்குகிறதாம். டடலாஃபில் அந்தப் பொருள் கரையாமல் தடுக்கிறதாம். இரண்டும் சேர்ந்தால் குழாய்கள் அளவில்லாமல் விரிந்து பிரஷர் சரிந்துவிடும். இதை முறிக்க மருந்து கிடையாது. டடலாஃபிலில் பாதி குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். நான் விழுந்தபோது 32 மணி நேரம் ஆகியும் கால் பங்குக்கு மேல் ரத்தத்தில் இருந்திருக்கும். இதைப் போட்டால் 48 மணி நேரமாவது சார்பிட்ரேட், அந்த டிரிப் போன்ற நைட்ரேட் மருந்து எதுவும் கூடாது. இதே வகை மாத்திரையான சில்டனாஃபில் என்றால் 24 மணி நேரம். அதற்குள் வலி வந்தால் சார்பிட்ரேட்டைத் தொடாமல் 108-ஐக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் எந்த மாத்திரை, எப்போது போட்டோம் என்று முதலில் சொல்ல வேண்டும். என்னைப் போல சார்பிட்ரேட் கையில் வைத்திருப்பவர்கள் இந்த வகை மாத்திரையையே போடக்கூடாதாம்.

வீடு திரும்பியதும் கடைக்குப் போனேன். "நாங்க குடுத்ததுன்னு என்ன ஆதாரம்? பில் இருக்கா?" என்கிறான். இரண்டு வருடமாக எனக்கு சார்பிட்ரேட் எடுத்துக் கொடுத்த அதே ஆள்.