புதுச் சவர்க்காரம் யாருடைய விற்பனையைப் பறித்தது? இரண்டு கணக்குகள்

கொழும்பில் நன்றாக விற்கும் ஒரு சந்தனச் சவர்க்காரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நிறுவனம் மூலிகைச் சவர்க்காரம் ஒன்றை இறக்குகிறது. வெள்ளவத்தைக் கடைகளில் புதியது மாதம் 400 கட்டி போகிறது. நிறுவனத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த 400 போட்டியாளரிடமிருந்து வந்ததா, சொந்தச் சந்தனத்திடமிருந்து வந்ததா? கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, முன்னும் பின்னும் பார்ப்பது. சந்தனம் முன்பு 1000 கட்டி விற்றது, இப்போது 720. குறைந்தது 280, ஆகவே புதியதன் விற்பனையில் 70 சதவீதம் சொந்த வீட்டிலிருந்தே போனது என்று இந்தக் கணக்கு சொல்லும். சுலபமானதுதான், ஆனால் நான் இதை நம்புவதில்லை. சித்திரைப் புத்தாண்டு முடிந்த மாதமென்றால் எல்லாச் சவர்க்காரமும் குறைவாகவே போயிருக்கும். அதைவிட மோசம், விநியோகஸ்தரின் புத்தகத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பது. கடைக்கு இறக்கிய பெட்டிகள் அதில் விற்பனையாகப் பதிவாகிவிடும். அவை இன்னும் தட்டிலேயே இருக்கலாம்.

இரண்டாவது, புதியது இன்னும் போகாத பகுதியோடு ஒப்பிடுவது. கொட்டாஞ்சேனையில், அதே அளவு வியாபாரமுள்ள கடைகளில், அதே மாதம் சந்தனம் 1000-இலிருந்து 950-ஆகக் குறைந்திருக்கிறது. மூலிகை வராவிட்டாலும் வெள்ளவத்தையில் 950 தான் விற்றிருக்கும். எனவே உண்மையான இழப்பு 230, அதாவது 57.5 சதவீதம்.

இந்த வித்தியாசம் முடிவையே மாற்றுகிறது. நேரடிச் செலவு போக ஒரு சந்தனக் கட்டியில் 30 ரூபாயும் மூலிகையில் 18 ரூபாயும் மிஞ்சுகின்றன என்றால், எல்லைக்கோடு 18-ஐ 30-ஆல் வகுத்த 60 சதவீதம்; புதியதன் விற்பனையில் சந்தனத்திடமிருந்து வந்த பங்கு அதைத் தாண்டினால் நட்டம். முதல் கணக்கின்படி மாதம் 1200 ரூபாய் நட்டம். இரண்டாவதின்படி 7200 வரவு, 6900 இழப்பு. மிஞ்சுவது 300 ரூபாய். விளம்பரச் செலவை அது தாங்காது என்பது வேறு கதை.

ஆனால் 57.5 சதவீதம் அதிகமா? சவர்க்காரச் சந்தையில் சந்தனத்தின் பங்கு 25 சதவீதமென்றால், புதியது எல்லோரிடமிருந்தும் அவரவர் பங்குக்கேற்ப எடுத்திருந்தால் சந்தனம் இழந்திருப்பது 100 கட்டிதான். இழந்தது 230. மூலிகை பழையதற்கு மிக நெருங்கி நிற்கிறது என்பதற்கு இது வலுவான அடையாளம்.

அடையாளம் மட்டுமே. கடைக்குள் போய்த் தட்டைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் முதலாளி புதியதை வைக்கச் சந்தனத்தின் இரண்டு வரிசைகளில் ஒன்றை எடுத்துவிடுவார். விற்பனைப் பிரதிநிதியும் புதியதற்கான இலக்கை எட்டப் பழையதற்கு ஓடர் குறைவாக எழுதுவார். அப்படியானால் வாடிக்கையாளர் மாறவில்லை. அவர் கேட்ட சந்தனம் கடையில் இருக்கவில்லை. இதற்கு மருந்து பழையதன் வரிசையைத் திரும்பப் பெறுவதே.

வரிசை குறையாத கடைகளிலும் இழப்பு அதே அளவு இருந்தால், மூலிகையின் விலையையோ மணத்தையோ மாற்றாமல் அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோகக் கூடாது.